நான் மனிதன் என்பதற்கு ஒரு சேவலே சாட்சி

என்னை இயந்திரம் என்று ஓர் இயந்திரம் கண்டுபிடித்துச் சொன்ன அன்று, முதலில் வீட்டுக்குத்தான் போன் போட்டேன். துக்கத்தைச் சொல்லிக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்? என் மனைவி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "இத்தக் கண்டுபுடிக்க ஒனக்கு ஒரு சாப்ட்வேர் தேவப்பட்டுச்சா? என்னாண்ட கேட்டிருந்தா கல்யாணமான மறுநாளே சொல்லிருப்பேனே" என்றாள். "சரி, வரும்போது தோசமாவு வாங்கினு வா. சார்ஜ் இருந்தா."

நான் வேலை பார்ப்பது படப்பையில், மரச்சாமான் கடை ஒன்றின் மாடியில். கீழே கட்டிலுக்குப் பாலீஷ் போடுவார்கள். மேலே, தமிழுக்கு யாராவது பாலீஷ் போட்டிருக்கிறார்களா என்று நாங்கள் பார்ப்போம். கம்ப்யூட்டருக்குத் தமிழ் பழக்க வேண்டுமாம். அதற்கு மனிதர்கள் தம் கையால், நேராகத் தமிழில் எழுதியவை வேண்டுமாம். ஒரகடம் கம்பெனிகளில் லைனில் நிற்கிறவர்கள், தண்டலத்துக் கல்லூரிப் பிள்ளைகள், மறைமலை நகர்க் குடும்பப் பெண்கள் என்று பலரும் தங்கள் வாழ்க்கையில் நடந்ததைப் போனில் எழுதி அனுப்புவார்கள். அது மனிதர் எழுதியதுதானா, நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை.

எங்கள் என்றால் மூன்று பேர். ஒன்று, அக்கா. பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவச் சபையில் பாடகர் குழுவை மேய்க்கிறவர்; எங்களையும் அதே தொண்டையில்தான் மேய்ப்பார். இரண்டு, நெல்லைக்காரத் தம்பி. டயர் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, ரப்பர் வாசனை ஒத்துக்கொள்ளாமல் எங்களிடம் வந்து சேர்ந்தவன். விடுதியில் எட்டுப் பேரோடு தங்கியிருப்பதால் எதையும் சத்தமாகத்தான் சொல்வான். மூன்றாவது நான்.

என் பூர்வாசிரமத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். இங்கே வருவதற்கு முன் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அறிவிப்புப் பலகைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருந்தேன். 'பாதுகாப்புக் காலணிகள் அணியாதோர் இப்பகுதியில் அனுமதிக்கப்படமாட்டார்கள்.' 'இயந்திரம் இயங்கும்போது கரங்களை உட்செலுத்துதல் கண்டிப்பாகத் தவிர்க்கப்பட வேண்டும்.' இதெல்லாம் அடியேன் இயற்றியவை. ஆயிரக்கணக்கான பேர் தினமும் கடந்து போனார்கள். ஒருவரும் படித்ததில்லை. அப்படிப் பார்த்தால் நானும் ஓர் இலக்கியவாதிதான்.

இந்த வேலைக்கு வந்ததும் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். சுழலும், சாயும், இடது பக்கம் திரும்பினால் கீச்சென்று கத்தும். தொழிற்சாலையில் எனக்கு இருந்தது ஸ்டூல். முதுகைச் சாய்த்தபடி அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டுபிடிக்கும் சுகத்தை அனுபவித்தவனுக்குத்தான் அந்த நாற்காலியின் அருமை தெரியும். அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது.

வேலை கொடுக்கும் நிறுவனம் திடீரென்று ஒரு கண்டுபிடிப்பானை அனுப்பி வைத்தது. கட்டுரையை உள்ளே போட்டால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏதாவது ஒரு விளக்கைக் காட்டும். பச்சை என்றால் மனிதர். சிவப்பு என்றால் இயந்திரம். மஞ்சள் என்றால் அதற்கே தெரியவில்லை. சிவப்பு வாங்கியவர் எழுதக் கூடாது. எங்களைப் போலக் கட்டுரை பார்க்கும் பார்வையாளராக இருந்தால் பார்க்கவும் கூடாது. எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: பார்வையாளர்களும் அவ்வப்போது ஒன்று எழுதி, பெயரில்லாமல் வெறும் எண்ணோடு மற்றக் கட்டுரைகளுக்கு நடுவில் விடவேண்டும். எழுதுகிறவர் படும் பாடு நமக்கும் தெரியட்டும் என்பதற்காக. நானும் எழுதியிருந்தேன். ஷேர் ஆட்டோவில் எனக்கு நேர்ந்த ஒரு அனுபவம். எழுதி முடித்ததும் எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. அதற்குத்தான் ரத்தச் சிவப்பாக விளக்கு எரிந்தது.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆள் யாரென்று அக்காவுக்கு மட்டும் தெரியும். என்னைத் தனியாக மாடிப்படிக்குக் கூப்பிட்டார்.

"ஒன்னியத்தான்டா செவப்புன்னுது."

"அக்கா, நான் கையால எழுதுனேன்க்கா. கட்டைவிரல் வீங்கிக் கீது பாரு."

"எனக்குத் தெரியும்டா. நமக்கு வேல குடுக்கற கம்பெனி மேடத்துக்கு இன்னா தெரியும்? வர்ற வியாழக்கெழம நேர்ல வர்றாங்க. சிவப்பு எல்லாத்தையும் பாத்து முடிவு பண்ணுவாங்க. அதுவரிக்கும் வாய மூடினு இரு."

வாயை மூடிக்கொண்டு இருக்கும் திறமை எனக்கு இல்லை என்பதால், அன்று சாயங்காலத்துக்குள் தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எது என் கட்டுரை என்பதை மட்டும் சொல்லவில்லை. அவன் என்னைச் சுற்றி வந்து பார்த்தான். "அண்ணாச்சி, பின்னால எங்கயாச்சும் வயர் தொங்குதான்னு பாக்கேன்" என்றான்.

மனிதனாக மாறிவிடுவது என்று தீர்மானித்து உட்கார்ந்தேன். கட்டுரையில் பாதியை எடுத்துச் சென்னைப் பேச்சில் முக்கிப் போட்டேன். வரிக்கு வரி 'இன்னா', 'கீது'. விளக்கு இன்னும் சிவந்தது. நடுவில் ஒரு பத்தியை அழித்தேன். மஞ்சளானது. குஷியில் தலைப்பைத் தூக்கினேன். மறுபடியும் சிவப்பு. கடைசியில் இரண்டு வாக்கியங்களை இடம் மாற்றினேன். பச்சை! துள்ளிக் குதித்து, நாற்காலி கத்த, கட்டுரையைக் கையால் மறைத்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டு விளக்கை மட்டும் காட்டினேன். அவன் அதே பட்டனை இன்னொரு தடவை அமுக்க, மஞ்சள். ஒரு விளக்கின் தயவில் அன்று முழுக்க நான் மனிதனாகவும் இயந்திரமாகவும் மாறி மாறிப் பிறந்தேன். ஒரகடம் ஜங்ஷன் சிக்னல்கூட இவ்வளவு வேகமாக மாறாது.

இதிலே ஒரு அநியாயம். அதே குவியலில் ஒரு கட்டுரை இருந்தது. மழையில் வேலை முடிந்து திரும்பும் ஒருவரைப் பற்றியது. படித்ததும் எனக்கும் தம்பிக்கும் மூக்கில் அடித்துவிட்டது: இது ஆங்கிலத்தில் இயந்திரம் எழுதி, வேறொரு இயந்திரம் தமிழாக்கியது. ஆனால் கண்டுபிடிப்பானில் எத்தனை முறை போட்டாலும் வயல்வெளிப் பச்சை.

"எப்படிக்கா இது?" என்று டீ நேரத்தில் கேட்டேன். "செஞ்சவன் தப்பிக்கிறான், நான் மாட்டிக்கிறேன்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். கண்டுபிடிப்பானோடு வந்த பயிற்சி வகுப்பில் கேள்வி கேட்டே ஆசிரியரைக் களைப்படையச் செய்தவர் அவர். "நீ கார் கம்பெனில இருந்தவன்தானே? ஒரு வண்டி ஒரு பெயின்ட் ஷாப்புல அடிச்சது. அந்த ஷாப்போட பெயின்ட் எப்டி இருக்கும்னு தெரிஞ்சவன் பாத்தா டக்குனு சொல்லிடுவான். அதே வண்டிய சொரண்டிட்டு வேற ஷாப்புல வேற பெயின்ட் அடிச்சுட்டா?"

"தெரியாது."

"அதான். இந்த சாப்ட்வேர் பெயின்ட்ட பாக்குது. ஒரு வார்த்தைக்கு அப்புறம் அடுத்த வார்த்தை இதுதான் வரும்னு மெஷினால எவ்ளோ ஈஸியா யூகிக்க முடியுதுன்னு பாக்குது. இங்கிலீஷ்ல எழுதுன மெஷின் அதோட பழக்கத்துக்கு வார்த்தைய எடுத்துப் போட்டிருக்கும். தமிழாக்கும்போது அந்த வார்த்தை ஒண்ணுகூட மிஞ்சல. தமிழ் வார்த்தைய எடுத்தது வேற மெஷின். அதுவும் தன் இஷ்டத்துக்கு எடுக்கல, முன்னாடி இருந்த இங்கிலீஷ் வாக்கியத்துக்குக் கட்டுப்பட்டு எடுத்துது. தடம் அழிஞ்சுபூடுச்சு."

"அப்போ தமிழாக்குன மெஷினோட தடத்த பிடிக்கலாம்ல?" என்றான் தம்பி.

"பிடிக்கலாம். ஆனா நெட்டுல மனுசங்க எழுதுன தமிழே பாதி மொழிபெயர்ப்புதானடா. கவர்மென்ட்டு அறிக்கை, மருந்து அட்டை, செய்தி, எங்க ஜெபப் புஸ்தகம், இவன் எழுதுன போர்டு. மொழிபெயர்ப்பு வாசனை வந்தாலே சிவப்புன்னு வெச்சா, பாதி மனுசன் மாட்டுவான். அது வேணாம்னு விட்டா, மெஷின் தப்பிச்சுரும். அதுக்குக் காட்டிப் பழக்குன தமிழும் கொஞ்சம். இங்கிலீஷ்ல கடல் மாதிரி காட்டிருக்காங்க, தமிழ்ல ஒரு டம்ளர்." அவர் தம் டம்ளரையே தூக்கிக் காட்டினார். "நேத்து எங்க வூட்டுக்காரர் முன்ன எப்பவோ எழுதுன சபை அறிவிப்ப உள்ள போட்டேன். இந்த மெஷினெல்லாம் பொறக்கறதுக்கு முந்தி எழுதுனது. 'கர்த்தருக்குச் சித்தமானால் வருகிற ஞாயிறு மாலை'ன்னு ஆரம்பிக்கும். சிவப்பு! ஏன்? எல்லா அறிவிப்பும் அப்டித்தானே இருக்கும், அடுத்த வார்த்தை எல்லாருக்கும் தெரியும்."

"அவர்கிட்ட சொன்னியாக்கா?"

"சொன்னேன். 'என்னிய ஊழியக்காரன்னு கூப்டாங்க, உபதேசியார்னு கூப்டாங்க, இப்போ மெஷினா? ஸ்தோத்திரம்'ன்னார்."

எனக்கு உண்மை விளங்கியது. அறிவிப்புப் பலகையிலேயே ஊறியவன் நான். அடுத்த வார்த்தை எல்லாருக்கும் தெரிகிற தமிழ்தான் என் தாய்மொழியாகிவிட்டிருக்கிறது.

வியாழக்கிழமை வந்தது. மேடமும் வந்தார். நகரத்திலிருந்து காரில் வந்தவர், பெருமை இல்லாதவர், வந்ததும் என் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். அது கீச்சென்றது. எனக்கு அது சகுனமாகப் பட்டது. நான் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எதிர்காலத்துக்கு ஒத்திகை.

"விளக்கைக் கொஞ்ச நேரம் மறந்துடலாம்" என்றார் மேடம். "நீங்க எப்படிப் பாக்குறீங்கன்னு நான் பாக்கணும். எண் மட்டும் இருக்கட்டும். சத்தமா படிங்க. உங்க முடிவை ஆளுக்கொரு சீட்டுல எழுதி வைங்க. அப்புறம் விளக்கு."

சத்தமாகப் படிப்பது எங்கள் பழைய வழக்கம். கண் மன்னித்துவிடுவதைக் காது மன்னிக்காது. அக்கா அந்த மழைக் கட்டுரையை எடுத்து, பிரசங்கக் குரலில் ஆரம்பித்தார்.

"'இலையுதிர் காலத்தின் மிருதுவான காற்று ஒரகடத்தின் தெருக்களில் நடனமாடியது.'"

தம்பி இருமினான். ஒரகடத்தில் நடனமாடுவது கண்டெய்னர் லாரிகளும் அவை கிளப்பும் புழுதியும்தான்.

"'என் உறவினன் எனக்காக ஒரு குடையுடன் காத்திருந்தான். அவனது கண்களில் ஒரு மென்மையான புரிதல் இருந்தது. "நீங்கள் சோர்வாகத் தெரிகிறீர்கள்" என்று அவன் கூறினான். "நன்றி, நான் நலமாக இருக்கிறேன்" என்று நான் பதிலளித்தேன். "நீ உன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்" என்று அவன் கூறினான்.'"

"நிறுத்துங்க அக்கா" என்று தம்பி எழுந்தே விட்டான். "யாரு மேடம் இந்த உறவினன்? மாமா மவனா, சித்தப்பா மவனா, அத்த மவனா? தமிழ்ல எவனாவது சொந்தக்காரன 'உறவினன்'ன்னு சொல்லுவானா? மாமா மவன்னா கொடய மடக்கி என் முதுகுல ஒண்ணு போட்டுருப்பான். சித்தப்பா மவன்னா சொத்துத் தகராறு, மழையில வந்து நிக்கவே மாட்டான். இங்கிலீஷ்ல இவுக எல்லாத்துக்கும் ஒரே வார்த்த. அத வச்சுக்கிட்டு தமிழாக்குன மெசினுக்கு எவன்னு தெரியல, பாவம், பொத்தாம்பொதுவா போட்டுருச்சு."

"மொதல்ல நீங்கன்னான், அப்புறம் நீன்னான்" என்றார் அக்கா. "ரெண்டு வரிக்குள்ள மரியாதை போயிடுச்சு. நடுவுல சண்டையா வந்துச்சு?"

மேடம் சிரித்தார். "ஆங்கிலத்துல ரெண்டும் ஒண்ணுதானே. வாக்கியம் வாக்கியமா மாத்தினா முந்தின வாக்கியத்துல என்ன போட்டோம்னு நினைப்பு இருக்காது. ஆனா இப்ப வர்ற இயந்திரங்க இதையும் திருத்திக்கிட்டு வருது. மரியாதையும் உறவுமுறையும் ஒழுங்கா வந்துட்டா என்ன செய்வீங்க?"

அந்தக் கேள்விக்கு நான்தான் வாயைத் திறந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தாலும் வாய் நாற்காலியில்தான் இருந்தது. "பெயின்ட்ட உட்டுட்டு சேசிஸ்ஸ, அதான் வண்டியோட எலும்புக்கூட்ட, பாப்போம் மேடம். அது மாறாது. மழைல நனைஞ்சு வந்தவன் ஒரு எடத்துலகூட செருப்பு அறுந்துச்சு, போன் நனைஞ்சுச்சு, கம்பெனி பஸ்ஸ உட்டுட்டேன்னு சொல்லலியே. அவன் பாட்டுக்கு நனைஞ்சான், புரிஞ்சுகினான், போயிட்டான். ஒவ்வொரு பத்தியும் ஒரே நீளம். ஒவ்வொரு பத்தி கடைசிலயும் ஒரு தத்துவம். அப்புறம் மெஷினுங்க கதைல யாருமே யாரையும் திட்டறதில்ல. படப்பை பஸ் ஸ்டாண்டுல கால்மணி நேரம் நின்னா நாலு பேராவது நம்மள திட்டுவாங்க, நாம யாருன்னே தெரியாம."

மேடம் தலையாட்டினார். நான் மிதந்தேன். அக்கா அடுத்த எண்ணை எடுத்தார். மிதப்பு இறங்கியது. அது என்னுடையது.

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் படித்தார்.

"'படப்பையிலிருந்து ஒரகடம் நோக்கிப் புறப்பட்ட பகிர்வு ஆட்டோவில் பயணிகள் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையை விஞ்சி அமர்த்தப்பட்டிருந்தனர். பயணி ஒருவரால் பையில் எடுத்துவரப்பட்ட சேவல், வளைவு ஒன்றில் எதிர்பாராத விதமாக விடுவிக்கப்பட்டது. இதனைத் தொடர்ந்து வாகனத்தினுள் அசாதாரணமான சூழல் நிலவியது.'"

தம்பி மேசையில் தலையை வைத்துக் குலுங்கினான். "'விடுவிக்கப்பட்டது'! ஜாமீன்லயா?"

"'கோழியினங்களை எடுத்துச் செல்வோர் அவற்றின் கால்களை முறையாகக் கட்டிவைப்பது அவசியம் என்பதை நான் அக்கணத்தில் உணர்ந்தேன்.'" அக்காவின் குரலும் தடுமாறியது. ஆனாலும் கடைசி வரை படித்தார். நல்லவர்.

சீட்டுகளைப் பிரித்தார்கள். மழைக் கட்டுரைக்கு மூன்று சீட்டிலும் 'இயந்திரம்'. என் கட்டுரைக்கு, அக்காவின் சீட்டு காலி. எழுதியவர் யாரென்று தெரியும், அதனால் எழுதவில்லை என்றார். தம்பியின் சீட்டில் பெரிய எழுத்தில் 'மெசினு. சந்தேகமே இல்ல'. என் சீட்டில் நான் 'மனிதர்' என்று எழுதி, உணர்ச்சிவசப்பட்டுப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறியும் போட்டிருந்தேன். மேடம் அந்த ஆச்சரியக்குறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு விளக்கைப் போட்டார்கள். மழைக்குப் பச்சை. சேவலுக்குச் சிவப்பு. ஆகமொத்தம், மென்பொருள் என்னை இயந்திரம் என்றது. தினமும் என் டிபன் பாக்ஸில் கைவைக்கும் சக ஊழியனும் இயந்திரம் என்றான். மெஜாரிட்டி இருக்கிறது. எனக்கே லேசாகச் சந்தேகம் தட்டியது.

"இன்னொரு வழி வச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார் மேடம் அக்காவிடம்.

"பக்கக் கேள்வி மேடம்" என்றார் அக்கா. அதுவும் எங்கள் வழக்கம்தான். சந்தேகமாக இருந்தால் எழுதியவருக்குப் போன் போடுவோம். எழுதியதைப் பற்றிக் கேட்க மாட்டோம். எழுதாமல் விட்டதைப் பற்றிக் கேட்போம். நடந்ததை எழுதியவன் என்றால் விட்டது நிறைய இருக்கும். போனை வைக்கவே மாட்டான்.

முதலில் மழைக்காரருக்குப் போட்டார்கள். ஸ்பீக்கரில் ஒரு சுறுசுறுப்பான குரல் வந்தது. மேடம் மரியாதையாகக் கேட்டார்: "கொடையோட நின்னாரே உங்க சொந்தக்காரர், அவர் அங்க எதுல வந்தார்?"

"அது கதைலயே இருக்குங்க மேடம்."

"இல்லைங்களே."

மறுமுனையில் டக், டக், டக் என்று தட்டெழுதும் சத்தம் தெளிவாகக் கேட்டது. தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். கொஞ்சம் பொறுத்து, வாசிக்கிற ராகத்தில் பதில் வந்தது: "இது ஒரு சிறந்த கேள்வி. என் உறவினன் பல்வேறு போக்குவரத்து முறைகளைப் பயன்படுத்தியிருக்கலாம்."

அக்கா மேசைக்கு அடியில் குனிந்துவிட்டார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். மேடம் மட்டும் நன்றி சொல்லி, "இது ஒருத்தரோட ஒரு பதில்தான். அவருகிட்ட இன்னும் ஒரு தடவை எழுதி வாங்கிப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்று நியாயமாகப் பேசி போனை வைத்தார். வைத்த பிறகு அவரும் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு.

"இப்ப சேவல்."

அக்கா எண்ணை அழுத்தினார். என் சட்டைப் பையில் தவில் நாதஸ்வரத்தோடு என் போன் முழங்கியது.

தம்பி என் பையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி... அந்தக் கட்டுர..."

"எடுங்க" என்றார் மேடம். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்து, எதிரில் இருந்தவரைப் பார்த்து, "ஹலோ, வணக்கம் மேடம்" என்றேன். அவரும் அசராமல் அக்காவின் போனிலேயே பேசினார்.

"சேவல் அப்புறம் என்னாச்சு?"

அவ்வளவுதான். மடை உடைந்தது.

"இன்னா மேடம் ஆவும்? பறந்துச்சு! டிரைவர் தோள்மேல போயி குந்திகிச்சு. அவரு எறக்கியுடல. 'ரெண்டு நிமிட்டுல ஒரகடம், அதும் குந்தினு வரட்டும்'ங்கறாரு. சேவக்காரம்மா பின்சீட்டுல இருந்து, 'யோவ், அது என் மருமவனுக்கு, தலைதீபாவளிக்கு மறைமலை நகர் போவுது, ரெக்க ஒடைஞ்சா உன்னியத்தான் விருந்துக்குப் போடுவேன்'னு கத்துது. சிக்னல்ல போலீஸ்காரரு ஆட்டோவ நிறுத்தி, ஆளை எண்ணுறாரு. எண்ணி முடிக்கும்போது அது கூவிச்சு மேடம். பட்டப்பகல்ல! அவரு எண்ணிக்கைய உட்டுட்டாரு. சிரிச்சு, போன்னுட்டாரு. அங்கிருந்து அது என் தலைக்கு வந்துச்சு."

"உங்க தலைக்கா? கட்டுரையில இல்லையே."

"எப்டி மேடம் எழுதுவேன்? நான் 'அம்மா'ன்னு கத்திட்டு பக்கத்துல குந்தினு இருந்த ஸ்கூல் பொண்ணோட புஸ்தகப் பைக்குப் பின்னால ஒளிஞ்சுகினேன். அந்தப் பொண்ணுதான் ஒரு கைல சேவல புடிச்சு, ஒரு கைல என்னிய தட்டிக்குடுத்துச்சு, 'ஒண்ணும் இல்ல அங்கிள், போயிடுச்சு'ன்னு. இதோ பாருங்க, காதுல கொத்துன தழும்பு. எறங்கும்போது அந்தம்மா என்னியத்தான் திட்டுச்சு, சேவல பயமுறுத்திட்டேன்னு!"

மூச்சு வாங்கியது. போன் இன்னும் காதில்தான் இருந்தது. மூன்று பேரும் என் காதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி கிட்டே வந்து விரலால் தொட்டே பார்த்தான். "ரத்தம் ஓடுது மேடம். மனுசந்தான்" என்று தீர்ப்புச் சொன்னான்.

"ஏன் சார்," என்றார் மேடம், போனை வைத்துவிட்டு, "இவ்வளவையும் வச்சுக்கிட்டு எதுக்கு 'அசாதாரணமான சூழல் நிலவியது'ன்னு எழுதினீங்க?"

"எழுத்துன்னா மரியாதையா இருக்கணும்னு நெனச்சேன் மேடம்."

"சேவலுக்கா?"

தம்பிதான் முதலில் வெடித்துச் சிரித்தான். கீழே கட்டிலுக்குப் பாலீஷ் போடும் ஆள், எங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டு, மாடிப்படியில் பாதி ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மேடம் அன்றே இரண்டு மாற்றம் செய்தார். விளக்கின் பேச்சைக் கேட்டு யாரையும் நிறுத்தக் கூடாது. அது சொல்வது 'இன்னொரு தடவை பார்' என்பது மட்டும். அதையும் பார்வையாளர்கள் தங்கள் சீட்டை எழுதி வைத்த பிறகுதான் திறக்க வேண்டும். சிவப்பைப் பார்த்துவிட்டுப் படித்தால் மனிதன் எழுதியதிலும் இயந்திரம் தெரியும், பச்சையைப் பார்த்துவிட்டுப் படித்தால் பிறத்தியார் உறவினன்கூட நம் மாமா மகனாகத் தெரிவான் என்றார். தம்பியைப் பார்த்து, "உங்க காதும் ஒருத்தர் விஷயத்துல தப்பாப் போச்சு, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். தம்பி என்னைப் பார்த்து, "அண்ணாச்சி விசயத்துல யாரு காதும் தப்பாத்தான் போவும்" என்றான்.

"அப்போ மேடம், என் நாற்காலி?" என்றேன்.

அவர் எழுந்து, அதை என் பக்கம் உருட்டிவிட்டார். "உட்காருங்க. உங்களை மாதிரி எழுதுறவங்க நிறைய பேர் இருப்பாங்க. அவங்க மனுசங்கதான்னு சொல்ல ஒரு ஆள் வேணும். ஒரே ஒரு நிபந்தனை. போன்ல சொன்னதை அப்படியே எழுதிக் கொடுக்கணும்."

சாயங்காலமே எழுதினேன். 'அம்மா' என்று கத்தியது, ஸ்கூல் பை, தட்டிக்கொடுத்தது எல்லாம். அக்கா சத்தமாகப் படித்தார், சீட்டு எழுதினார்கள், தம்பி இம்முறை 'மனுசன், பயந்தாங்கொள்ளி' என்று எழுதினான். கடைசியில் ஆசையாக விளக்கைத் திறந்தோம்.

சிவப்பு.

அக்கா அதைப் பார்த்தார். என் காதைப் பார்த்தார். கட்டுரையை 'சரி' என்ற பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, ஜெபக் கூட்டத்துக்குக் கிளம்பினார்.

தோசைமாவோடு வீட்டுக்குப் போனேன். மனைவி கதவைத் திறந்தாள். "இன்னா முடிவு பண்ணாங்க? மனுசனா, மிஷினா?"

"மனுசன்."

"யாரு சொன்னா?"

காதைத் திருப்பிக் காட்டினேன். அவள் அந்தத் தழும்பை எத்தனையோ மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். தலைக்கவசப் பட்டை அறுத்தது என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். இப்போது பக்கக் கேள்விகள் ஆரம்பித்தன. மாவு புளிக்கும் வரை ஓயவில்லை.